நேரத்தை விதையாக வைத்து உருவாக்கிய பற்றுச்சீட்டு எண்களை யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள், எப்படி?

ஜார்ஜ்டவுன்_குமரன் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். பினாங்கு லிட்டில் இந்தியாவில் ஒரு துணிக்கடையின் இணையத்தளத்தைச் சில மாதங்களாகப் பார்த்துக்கொள்கிறேன். நிரல் எனக்கு முன்பு இருந்தவர் எழுதியது, PHP 8. தீபாவளிக்காக 10 வெள்ளிப் பற்றுச்சீட்டு 500 அச்சடித்தார்கள். ஒவ்வொரு சீட்டிலும் சுரண்டிப் பார்க்கிற இடத்தில் 10 எழுத்துக் குறியீடு இருக்கும், அதை இணையக் கடையில் தட்டினால் 10 வெள்ளி கழியும். அச்சடித்த பிறகு சீட்டுகளைக் கலைத்துத்தான் முகப்புக்கு அனுப்பினார்கள்.

இதுவரை 188 சீட்டு கொடுத்தாயிற்று. மீதி 312 சுரண்டாமல் அலமாரியில் இருக்கிறது. ஆனால் அந்த 312-இல் 9 சீட்டின் குறியீடுகள் இணையத்தில் பயன்படுத்தப்பட்டுவிட்டன. சீட்டுகளை எடுத்துப் பார்த்தேன், மேல்பூச்சில் ஒரு கீறல் கூட இல்லை.

முதலாளி முகப்பில் வேலை செய்யும் பெண்ணைச் சந்தேகப்படுகிறார். அச்சகத்துக்கு அனுப்பிய பட்டியல் அவருடைய மின்னஞ்சலிலும் இருந்ததாம். எனக்கு அது சரியாகப் படவில்லை. அதே சமயம் A முதல் Z, 0 முதல் 9 என்று 36 எழுத்தில் 10 இடம் என்றால் 36^10, அதாவது 3,656 டிரில்லியன் வாய்ப்பு. அதை யாரும் சும்மா ஊகிக்க முடியாதே?

குறியீடு உருவாக்கும் பகுதி இதுதான்:

```php
$chars = 'ABCDEFGHIJKLMNOPQRSTUVWXYZ0123456789';
mt_srand(time());
for ($n = 0; $n < 500; $n++) {
    $code = '';
    for ($i = 0; $i < 10; $i++) {
        $code .= $chars[mt_rand(0, 35)];
    }
    save($code);
}
```

செந்தூல்_சேகர்

இரண்டாவது வரிதான் பிரச்சினை தம்பி. `time()` என்பது நொடிக் கணக்கு. அதை `microtime()` ஆக மாற்றி, கூடவே ப்ராசஸ் எண்ணையும் சேர்த்து, மொத்தத்தையும் md5 போட்டுவிடுங்கள். எந்தக் கொம்பனாலும் கண்டுபிடிக்க முடியாது. நான் எழுதுகிற எல்லாத் தளத்திலும் அப்படித்தான் செய்கிறேன்.

பிறை_நந்தினி

சேகர் அண்ணே, வரியைச் சரியாகக் காட்டினீர்கள். மருந்துதான் போதாது, அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் குமரனின் கேள்வி.

குமரன், 3,656 டிரில்லியன் என்பது குறியீடு *பார்க்க* எப்படி இருக்கிறது என்பதன் கணக்கு. அது எங்கிருந்து *வந்தது* என்பதன் கணக்கு வேறு. `mt_rand` தானாக எதையும் கண்டுபிடிப்பதில்லை. விதை எண் ஒன்றைக் கொடுத்தால் அதிலிருந்து ஒரே ஒரு வரிசைதான் வரும். நாளைக்கு அதே விதையைக் கொடுத்தால் அதே 5,000 எழுத்துகளும் அதே வரிசையில் வரும், உங்கள் சர்வரில் மட்டுமல்ல, என் மடிக்கணினியிலும். ஆகவே உங்கள் 500 சீட்டுக்கும் சேர்த்து உள்ள ஒரே ரகசியம் அந்த நிரல் எந்த நொடியில் ஓடியது என்பதுதான். ஒரு நாளைக்கு 86,400 நொடி. அவ்வளவுதான் உங்கள் பூட்டு.

இப்போது திருடியவர் இடத்தில் இருந்து பாருங்கள். கடையில் துணி வாங்குகிறார், நேர்மையாக ஒரு சீட்டு கிடைக்கிறது, சுரண்டுகிறார். சீட்டிலேயே சலுகை தொடங்கும் தேதி அச்சாகியிருக்கும். அதற்கு முந்தைய ஒரு வாரத்தின் ஒவ்வொரு நொடியையும் விதையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் 500 குறியீடு உருவாக்கி, தன் கையில் உள்ளது அதில் வருகிறதா என்று பார்க்கிறார். 604,800 விதை, விதைக்கு 5,000 முறை `mt_rand`. மொத்தம் சுமார் 300 கோடி அழைப்பு. கேட்கப் பெரிதாக இருக்கிறது, சாதாரண மடிக்கணினியில் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். இதில் உங்கள் சர்வரை அவர் ஒரு முறை கூடத் தொடவில்லை. எல்லாம் வீட்டிலேயே நடக்கிறது.

இன்னொன்று. குறியீடு நீளமாக இருப்பது இங்கே திருடுபவருக்குத்தான் உதவுகிறது. அந்த ஒரு வாரத்தில் உருவாகக்கூடிய குறியீடுகள் சுமார் 30 கோடி. 3,656 டிரில்லியனில் 30 கோடி என்றால், தவறான விதை தற்செயலாகப் பொருந்த ஏறக்குறைய 12 மில்லியனில் ஒரு வாய்ப்பு. பொருந்திவிட்டால் அது சரியான விதைதான் என்று அவர் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். நான்கே எழுத்துக் குறியீடாக இருந்திருந்தால் பொய்ப் பொருத்தங்கள் குவிந்து அவரைக் குழப்பியிருக்கும்.

ஒரு கேள்வி: அந்த 9 குறியீட்டையும் தட்டியவர் எத்தனை முறை தோற்றார்? லாக் இருக்கிறதா?

ஜார்ஜ்டவுன்_குமரன்

இருக்கிறது அக்கா. ஒரே முகவரியிலிருந்து, ஒரே இரவில், மொத்தம் 16 முயற்சி. 9 வெற்றி. 4 முறை 'ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது' என்று பதில் போயிருக்கிறது. கடைசி 3 முறை 'தவறான குறியீடு'. அந்த மூன்றும் எங்கள் டேட்டாபேஸிலேயே இல்லை. அதோடு நிறுத்திவிட்டார்.

பிறை_நந்தினி

அந்த மூன்று தவறான குறியீட்டையும் பத்திரமாக எடுத்து வையுங்கள். லாக் அழிந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் முகப்புப் பெண்ணின் விஷயம் அந்த மூன்றில்தான் இருக்கிறது.

கண்மூடித்தனமாக ஊகித்திருந்தால் லாக்கில் டிரில்லியன் கணக்கில் தோல்வி இருக்கும். அது இல்லை. ஆகவே பட்டியல் கையில் இருந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் விதை கையில் இருந்திருக்க வேண்டும். இரண்டையும் பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. பட்டியலை வைத்திருப்பவருக்கு 500-ஆவது குறியீட்டோடு உலகம் முடிந்துவிடும். விதையை வைத்திருப்பவருக்கு 501, 502 என்று வந்துகொண்டே இருக்கும். நீங்கள் 500-இல் நிறுத்தினீர்கள் என்று அவருக்குத் தெரியாது.

டேட்டாபேஸில் முதல் குறியீடு பதிவான நேரம் இருக்குமே? அதற்கு முந்தைய இரண்டு நிமிடத்தைச் சோதியுங்கள்:

```php
$t = strtotime('2025-10-03 10:15:43 +08:00');
for ($s = $t - 120; $s <= $t; $s++) {
    mt_srand($s);
    if (make_code() === $first) echo $s, "\n";
}
```

நேரத்தை உங்களுடையதாக மாற்றிக்கொள்ளுங்கள். `make_code` என்பது உங்கள் உள் லூப், `$first` முதல் குறியீடு. `+08:00` முக்கியம். `time()` கொடுப்பது கிரீன்விச் கணக்கு, உங்கள் டேட்டாபேஸில் இருப்பது மலேசிய நேரமாக இருக்கலாம். அந்த 28,800 நொடியை விட்டுவிட்டால் எதுவுமே பொருந்தாது, விதை நேரம் இல்லையோ என்று தப்பாக முடிவு கட்டிவிடுவீர்கள். சர்வரில் உள்ள அதே PHP-யில் ஓட்டுங்கள். 7.1-க்கு முன்பு `mt_rand` வேறு மாதிரி எண் கொடுத்தது, பழைய பதிப்பில் ஓட்டினால் வரிசை மாறிவிடும்.

விதை கிடைத்ததும் 500-இல் நிறுத்தாமல் 510 வரை உருவாக்கிப் பாருங்கள்.

கோலசிலாங்கூர்_ரவி

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு யுஎஸ்எம்-இல் முதுகலை ஆய்வு, மழை வெள்ளம் பற்றிய சிமுலேஷன். என் மேற்பார்வையாளர் எல்லா ஓட்டத்துக்கும் விதை 42 என்று நிலையாக வைக்கச் சொல்லியிருக்கிறார். இந்த இழையைப் படித்தால் அது ஆபத்து என்று தெரிகிறது. நானும் மாற்ற வேண்டுமா?

பிறை_நந்தினி

வேண்டாம் ரவி. உங்கள் ஆய்வில் யாரும் உங்களை ஏமாற்றப் பார்க்கவில்லை. அங்கே அதே எண்கள் திரும்ப வர வேண்டும், அப்போதுதான் இன்னொருவர் உங்கள் முடிவைச் சரிபார்க்க முடியும். 42 தெரிந்திருப்பதுதான் நல்லது, ஆய்வேட்டிலேயே எழுதிவிடுங்கள்.

உங்களுக்கு ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. கிளஸ்டரில் எட்டு வேலைகளை ஒன்றாக அனுப்பி, ஒவ்வொன்றும் தன் விதையை நேரத்திலிருந்து எடுத்துக்கொண்டால், ஒரே நொடியில் தொடங்கியவை எல்லாம் ஒரே வரிசையைத்தான் ஓட்டும். எட்டு முடிவும் ஒன்றாக இருக்கும், பிழை மிகக் குறைவு என்று நம்பி எழுதிவிடுவீர்கள். NumPy-இல் `np.random.SeedSequence(42).spawn(8)` என்று பிரித்து, ஒவ்வொரு வேலைக்கும் ஒன்று கொடுங்கள். திரும்ப ஓட்டினாலும் அதே எட்டுதான் வரும், ஆனால் எட்டும் தனித்தனி.

செந்தூல்_சேகர்

நந்தினி, என் வழி போதாது என்றீர்களே, ஏன்? மைக்ரோ நொடி என்றால் ஒரு நொடிக்குள்ளேயே மில்லியன் வாய்ப்பு. அதோடு ப்ராசஸ் எண். அதற்கு மேல் md5, 128 பிட். இதையெல்லாம் யார் உட்கார்ந்து எண்ணுவார்கள்?

பிறை_நந்தினி

அண்ணே, md5-ஐ முதலில் ஓரமாக வைத்துவிடலாம். உள்ளே 86,400 விதமான எண்தான் போகும் என்றால், வெளியே வருவதும் 86,400 விதமான விடைதான், ஒவ்வொன்றும் 128 பிட் நீளத்தில். திருடுபவரும் அதே md5-ஐ ஓட்டுவார். நீளம் கூடுகிறது, வாய்ப்பு கூடவில்லை.

மைக்ரோ நொடி உண்மையிலேயே கூட்டுகிறது, மறுக்கவில்லை. ஆனால் இரண்டு தடை. முதலாவது, `mt_srand` 32 பிட் விதையைத்தான் ஏற்கும். நீங்கள் எவ்வளவு பெரிய எண்ணைக் கொடுத்தாலும் உள்ளே போவது சுமார் 4.29 பில்லியனில் ஒன்று. அந்த 4.29 பில்லியனையும் முழுதாகத் தேடுவதற்கென்றே `php_mt_seed` என்று ஒரு கருவி பல வருடமாக இருக்கிறது, அதற்கு நிமிடக் கணக்குதான். நேரமே தெரிய வேண்டியதில்லை.

இரண்டாவது, நீங்கள் சொன்ன இதே கலவை ஏற்கெனவே ஒரு முறை உடைந்திருக்கிறது. 1995-இல் நெட்ஸ்கேப் பிரவுசர் தன் ரகசியச் சாவியை எதிலிருந்து எடுத்தது தெரியுமா? நொடி, மைக்ரோ நொடி, தன் ப்ராசஸ் எண், தாய் ப்ராசஸ் எண், இவற்றை MD5-இல் கலந்து. பெர்க்லி மாணவர்கள் இயன் கோல்ட்பர்க்கும் டேவிட் வாக்னரும் அதைப் பிரித்துப் பார்த்துச் சொன்னார்கள்: அதே கணினியில் கணக்கு உள்ள யாரும் `ps` என்று தட்டினாலே இரண்டு ப்ராசஸ் எண்ணும் தெரிந்துவிடும். நொடியை வலைப் போக்குவரத்திலிருந்து பார்த்துக்கொள்ளலாம். மிச்சம் மைக்ரோ நொடி மட்டும், ஒரு மில்லியன். ஒரு மில்லியன் md5 என்பது கணினிக்கு ஒன்றுமே இல்லை. 128 பிட் சாவி என்று விற்றது, உள்ளே இருந்தது 20 பிட்.

உங்கள் தளங்களில் எந்தெந்த இடத்தில் இதைப் பயன்படுத்தியிருக்கிறீர்கள்? கடவுச்சொல்லை மீட்கும் இணைப்பிலும் இதுதானா?

செந்தூல்_சேகர்

ஆமாம், அங்கேயும்தான். ஆனால் என் தளத்தில் நிரலை யாரும் பார்க்க முடியாதே. எந்தக் கலவை என்றே தெரியாமல் எப்படி உடைப்பார்கள்? குமரனின் கதையிலும் அதுதான் எனக்குப் புரியவில்லை. திருடினவருக்கு அந்த `$chars` வரிசை எப்படித் தெரிந்தது?

பாயான்லெப்பாஸ்_கண்ணன்

வரிசை ஒரு ரகசியமா அண்ணே? A–Z பிறகு 0–9, இல்லாவிட்டால் 0–9 பிறகு A–Z, சின்ன எழுத்தா பெரிய எழுத்தா. இப்படி ஐந்தாறு விதம்தான் எல்லாரும் எழுதுகிறோம். அவ்வளவையும் முயன்றால் வேலை ஐந்தாறு மடங்கு ஆகும், அரை மணி நேரம் மூன்று மணி நேரம் ஆகும். அவ்வளவுதான் வித்தியாசம்.

மீட்பு இணைப்பு பற்றி: உங்கள் சர்வர் அனுப்புகிற ஒவ்வொரு பதிலிலும் `Date` என்று ஒரு வரி போகிறது. அதில் சர்வரின் கடிகாரம் நொடி வரைக்கும் இருக்கிறது. நான் உங்கள் பெயரில் 'கடவுச்சொல் மறந்துவிட்டது' அழுத்தினால், எந்த நொடியில் அந்த இணைப்பு உருவானது என்று உங்கள் சர்வரே என்னிடம் சொல்லிவிடும். பற்றுச்சீட்டிலாவது ஒரு வாரத்தைத் தேட வேண்டியிருந்தது.

என்னிடமும் ஒரு கதை இருக்கிறது. இங்கே ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் வாயில் கதவுக்கு ESP8266 பலகையில் விருந்தாளிக் குறியீடு, 6 இலக்கம். விதை நேரத்திலிருந்துதான். அந்தப் பலகையில் பேட்டரி போட்ட கடிகாரம் கிடையாது, நெட்டிலிருந்து நேரம் வரும் வரைக்கும் அது 1970-இல் இருக்கிறது. மின்சாரம் போய் வரும்போதெல்லாம் வைஃபை இணைவதற்கு முன்பே விதை போட்டுவிட்டது. அதனால் ஒவ்வொரு மின்தடைக்குப் பிறகும் முதல் விருந்தாளிக்கு அதே குறியீடு. காவலாளிதான் கண்டுபிடித்தார், 'இதே நம்பரைப் போன மாசமும் எழுதினேனே' என்று.

பிறை_நந்தினி

அருமையான காவலாளி. இப்போது என்ன வைத்திருக்கிறீர்கள்?

பாயான்லெப்பாஸ்_கண்ணன்

ESP32-க்கு மாற்றி `esp_random()`. வைஃபையோ புளூடூத்தோ ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் அதன் எண்களை முழுதாக நம்பலாம் என்று தயாரிப்பாளர் சொல்லியிருக்கிறார்கள், ஆகவே வைஃபை எழுந்த பிறகுதான் முதல் குறியீட்டையே கொடுக்கிறது. பழைய பலகையிலேயே `analogRead(0)`-ஐ விதையாக வைக்கும் பழக்கத்தையும் யோசித்தேன். 10 பிட் ஏடிசி, அதிகபட்சம் 1,024 விதம், உண்மையில் எதுவும் இணைக்காத பின்னில் சில டஜன் எண்கள்தான் மாறி மாறி வருகின்றன. விட்டுவிட்டேன்.

ஜார்ஜ்டவுன்_குமரன்

நந்தினி அக்கா, கிடைத்துவிட்டது!

முதல் குறியீடு பதிவான நேரம் அக்டோபர் 3 காலை 10:15:43. பொருந்திய விதை 1759457742, அதாவது 10:15:42. ஒரே நொடி முந்தி. அந்த விதையில் 500 குறியீடும் டேட்டாபேஸில் உள்ளபடியே வரிசையாக வந்துவிட்டன. பார்த்தபோது கை நடுங்கியது.

510 வரை ஓட்டினேன். லாக்கில் இருந்த மூன்று 'தவறான' குறியீடும் 501, 502, 503. எழுத்துக்கு எழுத்து அதேதான்.

திருடப்பட்ட 9-உம், 'ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது' என்று வந்த 4-உம் சேர்ந்தால் 488 முதல் 500 வரை, இடையில் ஒன்று கூட விடாமல். 487-ஆவது சீட்டை அதே முகவரியிலிருந்து இரண்டு நாள் முன்பு ஒருவர் முறையாகப் பயன்படுத்தியிருக்கிறார். ஆக தன் சீட்டிலிருந்து முன்னோக்கிப் போயிருக்கிறார்.

அந்த மூன்று குறியீடும் எந்தப் பட்டியலிலும், எந்த மின்னஞ்சலிலும், அச்சகத்திலும் இருந்ததே இல்லை. பட்டியலைப் பார்த்து அதைத் தட்டியிருக்க முடியாது. அச்சடித்துக்கொண்டு போய் முதலாளியிடம் காட்டினேன். அவர் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு என் முன்னாலேயே பேசினார்.

செந்தூல்_சேகர்

நல்ல வேலை தம்பி. மனசுக்கு நிம்மதியாக இருக்கிறது.

சரி, நான் கேட்கிறேன், இப்போது எதை எழுதுவது? விதை எங்கிருந்து எடுப்பது?

பிறை_நந்தினி

இப்படிப்பட்ட வேலைக்கு விதையை நாம் எடுக்கவே கூடாது அண்ணே. ஆபரேட்டிங் சிஸ்டத்திடம் கேட்க வேண்டும். PHP 7 முதல் `random_int` இருக்கிறது. `mt_srand` வரியை அழித்துவிட்டு, உள்ளே ஒரே ஒரு மாற்றம்:

```php
$code .= $chars[random_int(0, 35)];
```

மீட்பு இணைப்புக்கு `bin2hex(random_bytes(32))`. பைத்தான் என்றால் `secrets`, ஜாவா என்றால் `SecureRandom`. லினக்ஸில் இவை கடைசியில் போய்க் கேட்பது கர்னலைத்தான்.

ஒரே ஒரு எச்சரிக்கை. ஆபரேட்டிங் சிஸ்டத்திடமிருந்து எண் கிடைக்காவிட்டால் `random_int` எக்ஸெப்ஷன் எறியும். சிலர் அதைப் பிடித்து, 'பரவாயில்லை' என்று `mt_rand`-க்குத் திரும்பிவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள், அந்த இடத்தில் நிரல் நின்றே போகட்டும். அதேபோல் `str_shuffle`, `shuffle`, `array_rand` எல்லாம் உள்ளே அதே பழைய ஜெனரேட்டர்தான். `uniqid()` நேரத்தையே பதினறும எண்ணாக எழுதிக் கொடுக்கிறது, முதல் 8 இலக்கம் நொடி, அடுத்த 5 மைக்ரோ நொடி.

செந்தூல்_சேகர்

கர்னலும் இன்டரப்ட் வரும் நேரத்தைத்தானே எடுத்துக்கொள்கிறது? நேரம் கெட்டது என்றால் அங்கேயும் கெட்டதுதானே. இது எனக்கு ஒத்துவரவில்லை.

பிறை_நந்தினி

நல்ல கேள்வி. கர்னல் எடுப்பது சுவர்க் கடிகார நேரத்தை அல்ல. இன்டரப்ட் வந்த கணத்தில் சிபியுவின் சுழற்சி எண்ணி எந்த எண்ணில் இருந்தது என்று பார்க்கிறது. அந்த எண்ணி நொடிக்கு பில்லியன் கணக்கில் ஓடுகிறது. வட்டு பதில் தந்ததும் வலைப் பொட்டலம் வந்ததும் அதன் கடைசிச் சில பிட்டுகள் எங்கே நின்றன என்பதை வெளியே இருப்பவர் அளக்க வழியில்லை. ஒரு நிகழ்வில் கிடைப்பது கொஞ்சம்தான். ஆனால் நூற்றுக்கணக்கான நிகழ்வுகளைச் சேர்த்துக் கலக்குகிறது, சிபியுவில் `RDRAND` இருந்தால் அதையும் கலக்குகிறது, போன முறை அணைக்கும்போது சேமித்த விதையையும் கலக்குகிறது. போதுமான அளவு சேரும் வரைக்கும் `getrandom` காத்திருக்க வைக்கும்.

உள்ளே ஏற்கெனவே யாருக்கும் தெரியாத 256 பிட் இருந்தால், கூடவே இன்றைய தேதியைக் கலந்தாலும் ஒரு கெடுதலும் இல்லை. நேரம் *மட்டுமே* விதை என்றால்தான் கெடுதல்.

பாயான்லெப்பாஸ்_கண்ணன்

ஒரு விலக்கைச் சேர்த்துவிடுகிறேன். விர்ச்சுவல் மெஷினை ஓடிக்கொண்டிருக்கும்போது ஸ்னாப்ஷாட் எடுத்து அதிலிருந்து இரண்டு பிரதியை எழுப்பினால், இரண்டும் ஒரே கலவையோடுதான் எழும். கொஞ்ச நேரத்தில் பிரிந்துவிடும், ஆனால் எழுந்த முதல் கணத்திலேயே சாவி உருவாக்குகிற வேலையை அங்கே வைக்காதீர்கள். புதிய கர்னல்களில் இதற்கு வழி செய்திருக்கிறார்கள், அதற்கு விர்ச்சுவல் மெஷினை ஓட்டுகிற மென்பொருளும் ஒத்துழைக்க வேண்டும்.

பிரிக்பீல்ட்ஸ்_வாசுகி

எங்கள் சங்கத்தில் ஆண்டு விழாவுக்கு அதிர்ஷ்டக் குலுக்கு நடத்துகிறோம், 1,200 டிக்கெட். `random_int` போட்டு எடுத்தால் யாரும் முன்கூட்டி ஊகிக்க முடியாது, சரி. ஆனால் குலுக்கியவரே தனக்கு வேண்டிய எண் வரும் வரைக்கும் நான்கு முறை ஓட்டிவிட்டு, ஐந்தாவதை அறிவித்தால் யாருக்குத் தெரியும்? போன வருடம் இதே சண்டைதான். விதை வெளியே தெரிந்தால்தானே மற்றவர்கள் சரிபார்க்க முடியும்?

பிறை_நந்தினி

வாசுகி அக்கா, உங்களுக்கு வேண்டியது இரண்டும். குலுக்குவதற்கு முன் யாருக்கும் தெரியக்கூடாது, குலுக்கிய பின் எல்லாருக்கும் தெரிய வேண்டும். செயலாளர் `random_bytes(32)` ஒன்றை எடுத்து, அதன் SHA-256-ஐ மட்டும் டிக்கெட் விற்கும் முன்பே அறிவிப்புப் பலகையில் போடட்டும். மேடையில் கூட்டத்தில் உள்ள சிலர் ஆளுக்கொரு எண் சொல்லட்டும். அவற்றையும் ரகசியத்தையும் சேர்த்து எடுத்த SHA-256-ஐ விதையாக வைத்துக் குலுக்குங்கள். பிறகு ரகசியத்தை வெளியிடுங்கள். செயலாளர் நடுவில் அதை மாற்றியிருந்தால் பலகையில் உள்ளதோடு ஒத்துவராது.

பிரிக்பீல்ட்ஸ்_வாசுகி

எண் சொல்கிறவர்களில் கடைசி ஆள் செயலாளரின் மைத்துனராக இருந்தால்?

பிறை_நந்தினி

ரகசியம் அவருக்கும் தெரிந்திருந்தால், மற்றவர்கள் சொன்னதைக் கேட்டுவிட்டுத் தனக்கு ஏற்ற எண்ணைச் சொல்லலாம். ஆமாம், அந்த ஓட்டை இருக்கிறது. எல்லாரும் தாளில் எழுதி மடித்துக் கொடுத்து, ஒன்றாகத் திறந்தால் கேட்டுவிட்டுச் சொல்வது நின்றுவிடும். ஆனால் செயலாளர் 'ரகசியத்தைத் தொலைத்துவிட்டேன், மறுபடி குலுக்கலாம்' என்று சொன்னால் என்ன செய்வது என்பதைச் சங்கத்தின் விதியில்தான் எழுத வேண்டும். அதைக் கணக்கால் அடைக்க முடியாது.

ஜார்ஜ்டவுன்_குமரன்

எங்கள் கடையில் இப்போது ஒரு விவாதம் ஓடுகிறது. விதை வெளியே போய்விட்டது, ஆகவே 500 குறியீடும் போனதாகத்தான் கணக்கு. நான் எல்லாவற்றையும் ரத்து செய்து, `random_int`-இல் புதிதாக அச்சடிக்கச் சொன்னேன். முதலாளி சம்மதிக்கவில்லை. வாடிக்கையாளர் கையில் பயன்படுத்தாத சீட்டு நூற்றுக்கு மேல் இருக்கிறது, தீபாவளி நேரத்தில் அதைச் செல்லாது என்றால் கடைக்குக் கெட்ட பெயர் என்கிறார். அலமாரியில் உள்ளதை மட்டும் முடக்கினால் போதுமா?

செந்தூல்_சேகர்

போதும் என்று நினைக்கிறேன். முகப்பில் கொடுக்கும்போது ஸ்கேன் செய்து உயிர் கொடுங்கள், அதுவரை எந்தக் குறியீடும் செல்லாது. முயற்சிக்கும் எல்லை வையுங்கள், ஒரு கணக்குக்கு நாளைக்கு ஐந்து.

பாயான்லெப்பாஸ்_கண்ணன்

அலமாரிக்கு அது சரி. வாடிக்கையாளர் கையில் இருக்கும் நூறு சீட்டை அது காப்பாற்றாது. விதை வைத்திருப்பவர் அவற்றை முதலில் தட்டிவிட்டால், உண்மையான வாடிக்கையாளருக்கு 'ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது' என்று வரும். ஐந்து முயற்சி எல்லை என்றால் பத்துக் கணக்கு திறப்பார். நான் என்றால் ரத்துதான் செய்வேன்.

பிறை_நந்தினி

நடுவில் ஒரு வழி இருக்கிறது. பழைய குறியீடுகளை இணையத்தில் முழுக்க நிறுத்திவிட்டு, சீட்டைக் கடைக்கு நேரில் கொண்டு வந்தால் மட்டும் கழிவு, இல்லாவிட்டால் அங்கேயே புதிய சீட்டாக மாற்றிக் கொடுப்பது. விதையை வைத்திருப்பவரிடம் சீட்டு இல்லையே. வெளியூர் வாடிக்கையாளருக்குச் சிரமம்தான், அவர்களுக்குச் சீட்டின் படத்தை அனுப்பச் சொல்லலாமா என்பதை முதலாளிதான் முடிவு செய்ய வேண்டும்.

அதோடு குமரன், நிரல் வெளியே போனதா என்றும் பாருங்கள். தளத்தின் முகவரிக்குப் பின்னால் `/.git/config` என்று தட்டினால் ஏதாவது வருகிறதா? பழைய `backup.zip` ஏதாவது பொதுக் கோப்புறையில் கிடக்கிறதா?

ஜார்ஜ்டவுன்_குமரன்

`.git` இல்லை. ஆனால் முந்தையவர் விட்டுச் சென்ற ஒரு zip பொதுக் கோப்புறையில் இருந்தது, இப்போதுதான் எடுத்தேன். திருடியவர் அதைப் பார்த்தாரா, இல்லை எல்லாரும் எழுதுகிற வழி என்று முயன்று பார்த்தாரா தெரியவில்லை. லாக் இரண்டு வாரத்துக்கு மேல் வைத்திருப்பதில்லை.

அந்த zip-இல் டேட்டாபேஸ் கடவுச்சொல்லும் இருக்கிறது. அதை இன்றிரவே மாற்றுகிறேன். நேரில் கொண்டு வந்தால் மாற்றிக் கொடுக்கும் யோசனைக்கு முதலாளி அரை மனதாகத் தலையாட்டியிருக்கிறார், திங்கள்கிழமை சொல்கிறேன்.